அடைபட்ட காற்றுவாயா, தேய்ந்த பேட்டரியா? ஹைபிரிட் கார்களின் குளிர்விப்பு எச்சரிக்கை பற்றிய ஓர் ஆய்வு

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார்களில், பேட்டரியின் குளிர்விப்பு விசிறியைப் பற்றிய எச்சரிக்கை முகப்புத் திரையில் தோன்றும்போது, கோளாறு காற்று நுழையும் வாயில் உள்ளதா, விசிறியில் உள்ளதா, பேட்டரியிலேயே உள்ளதா என்ற கேள்வி எழுகிறது. டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் முதல் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இக்கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. தயாரிப்பாளரின் கையேடு ஒன்றைச் சொல்கிறது. பட்டறைக்காரர் வேறொன்றைச் சொல்கிறார். பேட்டரியைப் பிரித்துச் செல்களை மாற்றித் தருபவர் மூன்றாவதைச் சொல்கிறார். ஒவ்வொரு விடையும் தன்னளவில் மெய்யான ஒரு பகுதியைப் பற்றியிருப்பதால்தான் விவாதம் முடிவடையாமல் நீள்கிறது எனத் தோன்றுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது; அதன் அமைப்பு நன்கு அறியப்பட்டது என்பதுடன், அதன் அடிப்படை ஏற்பாடு பின்வந்த பல கார்களிலும் தொடர்ந்தது.

பயணியின் காற்றும் பேட்டரியின் காற்றும்

இவ்வண்டியின் பேட்டரி 28 கட்டுகளால் ஆனது. ஒவ்வொரு கட்டிலும் 1.2 வோல்ட் அளவுள்ள 6 நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல்கள் இருப்பதால், 168 செல்களும் தொடராக இணைந்து 201.6 வோல்ட்டைத் தருகின்றன. பட்டறைகளில் 'செல்' என்று வழங்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டையே ஆகும். இவ்வகைப் பேட்டரி மின்னூட்டம் பெறும்போதும் மின்சாரத்தை வெளியிடும்போதும் சூடேறுகிறது. முழு மின்னூட்டத்தை நெருங்கும்போது செல்லுக்குள் உண்டாகும் ஆக்சிஜன் மீண்டும் வேதிவினையில் கலப்பதால் வெப்பம் இன்னும் கூடுகிறது. ஆகவே கட்டுப்பாட்டுக் கணினி மின்னூட்ட அளவை ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வதுடன், விசிறி ஒன்றால் கட்டுகளின் இடைவெளிகளில் காற்றையும் செலுத்துகிறது.

அந்தக் காற்று வெளியிலிருந்து வருவதில்லை; பயணிகள் அமர்ந்திருக்கும் அறையிலிருந்தே பின்னிருக்கையின் பக்கவாட்டிலுள்ள கம்பிச்சல்லடை போன்ற காற்றுவாய் வழியாக உறிஞ்சப்படுகிறது. மனிதருக்கு இதமான வெப்பநிலையே இவ்வகைப் பேட்டரிக்கும் இதமானது, பயணிக்காகக் குளிரூட்டப்பட்ட காற்றைச் செலவின்றி இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே இவ்வடிவமைப்பின் தர்க்கம். அதே தர்க்கத்தின் மறுபக்கமாக, பயணிகள் அறையில் மிதக்கும் துணியிழை, தலைமுடி, வளர்ப்பு நாயின் மயிர், கால்மிதியிலிருந்து கிளம்பும் புழுதி ஆகிய அனைத்தும் பேட்டரியை நோக்கிப் பயணிக்கின்றன. பின்வந்த மாதிரிகள் பலவற்றில் காற்றுவாய் பின்னிருக்கையின் அடிப்புறத்துக்கு இறக்கப்பட்டது. அங்கே புழுதி கூடுதல் என்பதாலோ என்னவோ, கழற்றித் தூய்மை செய்யக்கூடிய வடிகட்டியும் பொருத்தப்பட்டது. வடிகட்டி பேட்டரியைக் காக்கிறது என்பது உண்மை. அடைபடும் இடம் கண்ணுக்குத் தெரியாத விசிறியிலிருந்து கைக்கெட்டும் தூரத்துக்கு மாறியது என்பதே அதைவிடப் பெரிய பயன்.

முதல் நிலைப்பாடு: அடைப்பே காரணம்

தயாரிப்பாளரின் கையேடுகளும் வாடகைக் கார்களைப் பராமரிக்கும் பட்டறைகளும் பொதுவாக இந்நிலைப்பாட்டையே முன்வைக்கின்றன. காற்றுவாய் அடைபட்டால் காற்றோட்டம் குறைகிறது, பேட்டரி சூடேறுகிறது, சூடு அதன் ஆயுளைத் தின்கிறது, எனவே தூய்மை செய்தால் சிக்கல் தீரும் என்பது இதன் சுருக்கம். இதற்குச் சான்றுகள் எளிதில் கிடைக்கின்றன. விசிறியைக் கழற்றிப் பார்க்கும்போது அதன் உருளைச் சக்கரத்தின் வளைந்த இறகுகளுக்கிடையே மெத்தைப் பஞ்சுபோல் இழைகள் திணிந்திருப்பது பட்டறைகளில் வழக்கமான காட்சி. காற்று எளிதில் எட்டாத நடுப்பகுதிக் கட்டுகளே பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றன என்பதும் சூட்டின் பங்கைச் சுட்டுகிறது.

எனினும் எல்லா அடைப்பும் அழுக்கால் வருவதில்லை. இருக்கை உறை காற்றுவாயின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது, பயணப்பை அதன்மேல் சாய்ந்திருப்பது, பின்னிருக்கையின் கீழ் பொருள்களைத் திணிப்பது ஆகியவை ஒரு நொடியில் நீக்கக்கூடிய அடைப்புகளே ஆயினும், ஓராண்டுப் புழுதி செய்வதை ஒரே நாளில் செய்துவிடுகின்றன.

இந்நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. எச்சரிக்கை தோன்றிய பின் தூய்மை செய்தும் சில வாரங்களில் அது திரும்பி வருவதை இதனால் விளக்க முடிவதில்லை. பல ஆண்டுகள் தூய்மை செய்யப்படாமலே நன்றாக ஓடும் வண்டிகளையும் இது விளக்குவதில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2011இல், இரண்டு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய ஒரு 2002 பிரியஸைச் சோதித்து, ஏறத்தாழ அதே வகையான ஒரு 2001 பிரியஸ் புதிதாக இருந்தபோது தன் சோதனையில் காட்டிய திறனுக்கு மிக நெருங்கிய திறனையே அது காட்டியதாக அறிவித்தது. ஒற்றை வண்டியைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது என்றாலும், பேட்டரி எளிதில் இறப்பது என்ற எண்ணத்தை அச்சோதனை தளர்த்தியது.

இரண்டாம் நிலைப்பாடு: முதுமையே காரணம்

பேட்டரியைப் பிரித்துச் சீர்செய்பவர்கள் காரண-காரிய வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். மின்னூட்டச் சுழற்சிகள் கூடக்கூடச் செல்லின் உள் மின்தடை உயர்கிறது. தடை உயர்ந்த செல் அதே மின்னோட்டத்துக்கு அதிக வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பத்தைக் கண்டு கணினி விசிறியை அடிக்கடி, உயர்ந்த வேகத்தில் சுழற்றுகிறது. அதனால் காற்றோடு அழுக்கும் அதிகமாக உள்ளிழுக்கப்படுகிறது. அதாவது, விசிறியில் காணும் அழுக்கு நோய்க்குக் காரணமன்று, நோயின் விளைவு என்பது இவர்களின் வாதம். பின்னிருக்கையருகே விசிறியின் இரைச்சல் திடீரெனக் கேட்கத் தொடங்குவதைப் பேட்டரியின் முதுமைக்கு அறிகுறியாக அவர்கள் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

பயன்பாட்டுச் சுமையே முதன்மையானது என்ற கருத்துக்கு ஹோண்டாவின் வரலாற்றிலும் ஓரளவு ஆதரவு உண்டு. 2006 முதல் 2008 வரையிலான சிவிக் ஹைபிரிட் கார்களுக்கு அந்நிறுவனம் 2010இல் வெளியிட்ட மென்பொருள் மாற்றம் பேட்டரியின் பயன்பாட்டைக் குறைத்தது. அங்கே காற்றுவாயில் எதுவும் மாற்றப்படவில்லை. ஆயினும் இந்நிலைப்பாடும் முழுமையானதன்று. ஒரே வயதும் ஒரே ஓட்டமும் கொண்ட இரு வண்டிகளில் ஒன்று மட்டும் சூடேறுவது ஏன் என்பதற்கு அதனிடம் விடையில்லை. செல்களை மட்டும் மாற்றி, விசிறியைத் தொடாமல் பூட்டிய பேட்டரியில் அடுத்தடுத்த கட்டுகள் பழுதடைவதும் அதற்குச் சங்கடமான செய்தியே. பழைய கட்டுகளுக்கிடையே புதியது ஒன்றைச் சேர்ப்பதால் உண்டாகும் சமமின்மை அதற்கு ஒரு பகுதி காரணமாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இரண்டையும் பிணைக்கும் ஒரு கணக்கு

இவ்விரு நிலைப்பாடுகளும் ஏன் ஒன்றையொன்று வெல்ல முடிவதில்லை என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டுகிறது. கீழே வரும் எண்கள் மாதிரிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஆனால் உண்மை அளவுகளுக்கு அருகிலானவை.

நல்ல நிலையிலுள்ள பேட்டரியின் மொத்த உள் மின்தடை 0.3 ஓம் என்றும், நகர ஓட்டத்தில் ஏறியும் இறங்கியும் பாயும் மின்னோட்டம் வெப்பக் கணக்கில் 30 ஆம்பியருக்குச் சமம் என்றும் கொள்வோமானால், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கக் கிடைக்கும் வெப்பம் 270 வாட். இந்த வெப்பத்தை, உள்ளே வரும்போது இருந்ததைவிட வெளியேறும்போது காற்று 10 பாகை மட்டுமே சூடாகும்படி அகற்ற வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 22 லிட்டர் காற்று தேவை. பயணிகள் அறை 28 பாகையில் இருந்தால், காற்று 38 பாகையில் வெளியேறும்.

இப்போது காற்றுவாய் பாதி அடைபட்டு, காற்றோட்டம் நொடிக்கு 11 லிட்டராகக் குறைகிறது எனலாம். அதே 270 வாட்டைச் சுமக்கும் காற்று 20 பாகை சூடேறி, 48 பாகையில் வெளியேறும். மாறாக, காற்றுவாய் தூய்மையாக இருந்து பேட்டரி மட்டும் முதுமையடைந்து, தடை 0.6 ஓம் ஆனால் வெப்பம் 540 வாட்டாக உயரும். 22 லிட்டர் காற்றும் அப்போது 20 பாகை சூடேறி, அதே 48 பாகையில்தான் வெளியேறும். வெப்பநிலையை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் வேறுபடா. இரண்டும் ஒருங்கே நேர்ந்தாலோ உயர்வு 40 பாகையாகி, கணக்கு 68 பாகையைக் காட்டும்; நடைமுறையில் அந்த நிலைக்கு வெகுமுன்பே கணினி பேட்டரியின் வேலையைக் கட்டுப்படுத்திவிடும். ஆக, அடைப்பும் முதுமையும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. பேட்டரிச் செல்லின் வெப்பநிலை வெளியேறும் காற்றைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

காற்று முற்றிலும் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் இதே முறையில் மதிப்பிடலாம். 28 கட்டுகளின் எடை ஏறத்தாழ 29 கிலோ. ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க அரை முதல் ஒரு கிலோஜூல் வரை தேவை எனக் கொண்டால், 270 வாட் வெப்பம் பேட்டரியை 10 பாகை உயர்த்த 9 முதல் 18 நிமிடங்கள் போதும். குறுகிய பயணங்களில் அடைப்பு வெளித்தெரியாமல் இருப்பதும், நீண்ட மலைப்பாதையிலோ நெரிசலிலோ திடீரென எச்சரிக்கை எழுவதும் இதனால் விளங்கும்.

மூன்றாம் நிலைப்பாடு: எச்சரிக்கை எதை அளக்கிறது?

மின்னணுச் சோதனையை நம்பும் தொழில்நுட்பர்கள் மேற்கண்ட விவாதத்தையே தள்ளிவைத்து, பதிவாகியுள்ள கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்கிறார்கள். P0A81 என்பது விசிறியின் மின்சுற்றைப் பற்றியது. P0A82 விசிறி எதிர்பார்த்தபடி இயங்கவில்லை என்கிறது. P0A80 பேட்டரியையே மாற்றவேண்டும் என்கிறது. இவற்றுள் கடைசியானது விசிறியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கட்டுகளை இரண்டிரண்டாக இணைத்து அளக்கும் 14 தொகுதிகளின் மின்னழுத்தங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டிலிருந்து அது பிறக்கிறது. ஆகவே குறியீட்டைப் படிப்பது தேவையான முதல் படி என்பதில் ஐயமில்லை.

ஆனால் குறியீடு இல்லாமையை நலத்துக்குச் சான்றாகக் கொள்வது பிழையாகலாம். இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் கணினி விசிறியின் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கிறதேயன்றி, காற்று எவ்வளவு நகர்கிறது என்பதை நேரடியாக அளப்பதில்லை. உருளை வகை விசிறியின் வாய் அடைபட்டால் அது தள்ளவேண்டிய காற்று குறைவதால் மோட்டாரின் சுமையும் குறைகிறது. விசிறி தடையின்றி, சில வேளைகளில் வழக்கத்தைவிட விரைவாகவே சுழல்கிறது. ‘விசிறி சுழல்கிறதா’ என்ற கேள்விக்கு வண்டி தெளிவாக விடையளிக்கிறது. ‘காற்று போகிறதா’ என்ற கேள்விக்குப் பேட்டரி சூடான பிறகே, சுற்றுவழியில் விடையளிக்கிறது. பின்வந்த மாதிரிகளில் குளிர்விப்புப் பாகங்களைப் பராமரிக்கச் சொல்லும் தனிச் செய்தி சேர்க்கப்பட்டது. அதைக் கண்டதும் கையேடு முதலில் பார்க்கச் சொல்வது காற்றுவாயையும் வடிகட்டியையுமே.

மின்வலுவில் நேரும் மாற்றம்

விசிறி எச்சரிக்கை வந்தால் வண்டியின் இழுவை குறையுமா என்பது உரிமையாளர்களை மிகவும் கவலைக்குள்ளாக்கும் கேள்வி. குறையும், ஆனால் எப்போதும் உணரப்படாது என்பதே பொருத்தமான விடை. பேட்டரியிலிருந்து எவ்வளவு வலுவை எடுக்கலாம், எவ்வளவு வலுவை உள்ளே செலுத்தலாம் என்ற இரு வரம்புகளைக் கணினி தொடர்ந்து கணித்துக்கொண்டே இருக்கிறது. சோதனைக் கருவியின் திரையில் அவை WOUT, WIN என்ற பெயர்களில் கிலோவாட் அளவில் தெரியும். பேட்டரி சூடேறும்போது இவ்விரு வரம்புகளும் படிப்படியாகச் சுருக்கப்படுகின்றன.

செலுத்தும் வரம்பு சுருங்கினால் வேகத்தைக் குறைக்கும்போது மீட்டெடுக்கப்படும் ஆற்றல் குறைந்து, அந்த வேலையைச் சாதாரணப் பிரேக் ஏற்கிறது. எடுக்கும் வரம்பு சுருங்கினால் எஞ்சின் அணைந்து மின்சாரத்தில் மட்டும் ஓடும் நேரம் குறைகிறது. ஓட்டுநர் முதலில் காண்பது இழுவைக் குறைவை அன்று, எஞ்சின் காரணமின்றி ஓடிக்கொண்டேயிருப்பதையும் எரிபொருள் செலவு ஏறுவதையுமே. இழுவையைப் பொறுத்தவரை, இவ்வண்டியின் மொத்த வலு 82 கிலோவாட். அதில் எஞ்சினின் பங்கு 57. பேட்டரி தரும் ஏறத்தாழ 25 கிலோவாட் பாதியாகச் சுருங்கினால் 70 கிலோவாட்டுக்கு அருகில் மிஞ்சும். சமதளச் சாலையில் அது பொருட்டன்று. முழு ஆக்சிலரேட்டரில் மேடேறும்போதோ முந்திச்செல்லும்போதோ அது தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டியுள்ளது, ஏனெனில் விவாதங்களில் இது பெரும்பாலும் கலந்துவிடுகிறது. சூட்டினால் சுருக்கப்பட்ட வரம்பு, பேட்டரி ஆறியதும் பழையபடி விரிகிறது. செல்லின் வேதிப்பொருள் சிதைந்ததால் நேர்ந்த இழப்பு ஆறினாலும் திரும்புவதில்லை. தூய்மை செய்த மறுநாளே வண்டி பழைய நிலைக்கு வந்தது என்பவரும், தூய்மை செய்தும் பயனில்லை என்பவரும் இவ்விரு வேறு இழப்புகளைப் பற்றியே பேசுகிறார்கள் எனக் கருதலாம்.

கடைசிக் கட்டமாகக் கணினி பேட்டரியை மின்சுற்றிலிருந்து முழுவதும் துண்டித்துவிட்டால், டொயோட்டாவின் அமைப்பில் வண்டி நகராது. எஞ்சினை முடுக்கித் தொடங்குவதும் அந்தப் பேட்டரியின் மின்சாரத்தில் இயங்கும் மோட்டார்தான், தனித் தொடக்க மோட்டார் அதில் இல்லை. முதல் தலைமுறை ஹோண்டா இன்சைட்டிலோ 12 வோல்ட் தொடக்க மோட்டாரும் இருந்ததால், ஹைபிரிட் பகுதி செயலிழந்தாலும் அது எஞ்சினில் வீடு வந்து சேர முடிந்தது.

வெப்ப நாடுகளில் இக்கேள்வி

ஜப்பானின் தட்பவெப்பத்தில் ஓடிய பின் இறக்குமதியான கார்கள் இலங்கையில் பெருமளவில் ஓடுவதால், இக்கேள்வி அங்கே வேறு வடிவம் கொள்கிறது. கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி ஓட்டினால், மேற்சொன்ன கணக்கில் 28 பாகை என்பது 35 ஆகி, வெளியேறும் காற்று 45 பாகையை அடையும். நிக்கல் வகைப் பேட்டரியின் மின்னூட்டத் திறன் தளரத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ அதுவே. கூடவே வெளிப்புழுதியும் உள்ளே வருகிறது. ஏசியின் அமுக்கியும் அதே பேட்டரியின் மின்சாரத்தில் இயங்குவதால் அதை இயக்குவதற்கும் ஒரு விலையுண்டு. எனினும் அந்த விலை சிறிது என்றே கூறலாம். வெயிலில் நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் விசிறி உறிஞ்சுவது அனலடிக்கும் அறைக்காற்றை என்பதால், கண்ணாடிகளை இறக்கி அதை முதலில் வெளியேற்றுவது பயனுள்ள பழக்கம்.

அறைக்காற்றைச் சார்ந்திருப்பதே பிழை என்ற விமர்சனமும் உண்டு. ஃபோர்டு எஸ்கேப் ஹைபிரிட்டின் தொடக்க மாதிரிகள் பேட்டரிக்கெனத் தனிக் குளிரூட்டும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தன. ஆனால் அங்கும் வடிகட்டி அடைபட்டது, காற்றின் திசையை மாற்றும் கதவின் இயக்கி பழுதானது. அழுக்கு இடம் மாறியதேயன்றி மறையவில்லை.

பிரித்தறியும் வழிகளும் அவற்றின் எல்லையும்

நடைமுறையில் அடைப்பையும் முதுமையையும் ஓரளவு பிரித்தறிய முடியும். வண்டி இரவெல்லாம் ஆறிக் கிடந்த காலையில், சூடேறுவதற்கு முன், சுமையின்கீழ் 14 தொகுதிகளின் மின்னழுத்த வீழ்ச்சியை ஒப்பிடுவது முதல் வழி. நல்ல தொகுதியின் தடை 0.02 ஓம் அளவில் இருந்தால் 30 ஆம்பியரில் 0.6 வோல்ட் வீழும். ஒரு தொகுதி மட்டும் 1.2 வோல்ட் வீழ்ந்தால் கோளாறு செல்லில்தான், ஏனெனில் அந்த வேளையில் காற்றோட்டத்துக்கு இதில் பங்கில்லை. அடுத்ததாக, பேட்டரியிலுள்ள மூன்று வெப்ப உணரிகளையும் உள்ளே வரும் காற்றின் உணரியையும் ஓட்டத்தில் கவனிக்கலாம். மூன்றும் சேர்ந்தே ஏறினால் அடைப்பையும், ஒன்று மட்டும் விலகி ஏறினால் அதனருகிலுள்ள செல்லையும் ஐயுறலாம். கருவியின் மூலம் விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, மெல்லிய தாள் ஒன்றைக் காற்றுவாயில் வைத்தால், அது உறுதியாக ஒட்டிக்கொள்கிறதா என்பதே காற்றோட்டத்துக்கு நேரடிச் சோதனை.

காற்றுவாயின் சல்லடையையும் வடிகட்டியையும் தூசி உறிஞ்சியால் தூய்மை செய்வதில் ஆபத்தில்லை. அழுத்தக் காற்றை உள்நோக்கி ஊதுவது அழுக்கைக் கட்டுகளுக்கிடையே திணிக்கும். நீர் உள்ளே புகக்கூடாது. விசிறியைக் கழற்றுவது வேறு வகை வேலை: 200 வோல்ட் உயிரைப் பறிக்கவல்லது என்பதால், ஆரஞ்சு நிறத் துண்டிப்புச் செருகியை நீக்கி, மின்தேக்கிகள் வடியக் குறைந்தது 10 நிமிடமாவது காத்திருக்கப் பயிற்சி பெற்றவரே அதைச் செய்யவேண்டும்.

இவ்வழிகள் இன்றைய நிலையைச் சொல்கின்றனவே அன்றி, அந்நிலைக்கு வந்த பாதையைச் சொல்வதில்லை. காலைச் சோதனையில் தடை உயர்ந்ததாகத் தெரியும் செல், பல ஆண்டு அடைப்பால் வெந்ததா, அடைப்பே இல்லாமலும் அப்படி ஆகியிருக்குமா என்பதை அந்தச் செல்லைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. 10 பாகை கூடினால் சிதைவு இருமடங்காகும் என்ற பழகிய கைக்கணக்கை நிக்கல் வகைக்கு அப்படியே பொருத்துவதிலும் எச்சரிக்கை தேவை. அண்மைய ஹைபிரிட்கள் பல லித்தியம் வகைக்கு மாறிவிட்டபோதும், அவற்றுள் பல இன்னும் அறைக்காற்றையே நம்பியிருக்கின்றன. நிக்கல் பேட்டரிகளிலிருந்து திரட்டப்பட்ட பட்டறை அனுபவம் அவற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது, அவ்வண்டிகள் அதே அளவு முதுமையடையும்போதே தீர்மானிக்கப்படக்கூடியது.